வயிறு நிறைந்த பசு ஏன் விழுகிறது?

நியூசிலாந்தின் வைகாட்டோ வட்டாரத்தில் ஆகஸ்ட் என்றால் குளிர்காலம் முடியும் தறுவாய். அங்குள்ள பால் பண்ணைகளில் மாட்டைக் கொட்டகையில் கட்டித் தீனி போடும் வழக்கம் குறைவு. ஆண்டு முழுவதும் மாடுகள் வெளியில்தான் மேய்கின்றன. புல் வேகமாக வளரும் நாட்களும் பால் அதிகம் சுரக்கும் நாட்களும் சேர்ந்து வரவேண்டும் என்பதற்காக, மந்தையில் உள்ள பசுக்களெல்லாம் ஜூலை, ஆகஸ்டில் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கன்று ஈனும்படி பார்த்துக்கொள்கிறார்கள். கன்று போட்ட பசுவுக்குக் கிடைப்பது புதுத் துளிராக எழுந்து நிற்கும் ரைகிராஸ் புல். கரும்பச்சை, முழங்கால் உயரம்கூட வராத இளம்புல், கடித்தால் சாறு ஒழுகும். மாடு வளர்த்த எவருக்கும் பார்த்தாலே மனம் குளிரும் மேய்ச்சல் அது.

அந்தப் புல்லில்தான் பசு விழுகிறது. மாலையில் நன்றாகப் பால் கொடுத்துவிட்டுப் போன மாடு, மறுநாள் காலையில் கால்களை விறைத்துக்கொண்டு செத்துக் கிடக்கும். வயிற்றைத் திறந்து பார்த்தால் நிறையப் புல். விஷச்செடி இல்லை, பாம்புக்கடி இல்லை, கிருமியும் இல்லை. இந்த நோய்க்குப் புல் டெட்டனி என்று பெயர். பசுவின் உடலில் மக்னீசியம் என்ற ஒரே ஒரு தாது குறைந்துபோவதால் வருவது. ரணஜன்னிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

முதலில் தோன்றும் விளக்கம், புல்லில் மக்னீசியம் போதவில்லை என்பது. அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள ஒரு பசுவின் ஒருநாள் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

500 கிலோ எடையுள்ள பசு என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாவது ஈற்று, கன்று போட்டு மூன்று வாரம் ஆகிறது, நாளுக்கு 20 லிட்டர் கறக்கிறது. ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ 0.12 கிராம் மக்னீசியம் போகிறது. அப்படியானால் 20 லிட்டரில் 2.4 கிராம். இதைத் தவிர, குடலில் சுரக்கும் நீர்கள் வழியாகச் சாணத்தோடு தப்பிப்போவது நாளுக்கு ஒன்றரை கிராம். ஆக, பசுவின் இரத்தத்துக்குள் தினமும் 3.9 கிராம் மக்னீசியம் வந்து சேர்ந்தாக வேண்டும்.

வரவைப் பார்ப்போம். இளம்புல்லில் 100க்கு 85 பங்கு தண்ணீர். பசு ஒருநாளில் 100 கிலோ பச்சைப்புல் மேய்ந்தால் அதில் உலர்ந்த சத்து 15 கிலோ. அந்த உலர்சத்தில் 0.18 சதவீதம் மக்னீசியம் என்றால் 27 கிராம். தேவை நான்கு கிராம்கூட இல்லை, வாய்க்குள் போவதோ 27 கிராம். பற்றாக்குறை எங்கே இருக்கிறது?

உள்ளே போவதெல்லாம் உடலில் சேர்வதில்லை என்பதில் இருக்கிறது. வசந்தகாலத்து இளம்புல்லில் இருக்கும் மக்னீசியத்தில் பத்தில் ஒரு பங்குதான் சில வேளைகளில் இரத்தத்துக்குள் போகும். 27 கிராமில் 2.7 கிராம். மிச்சமெல்லாம் சாணத்தோடு வெளியே. வரவு 2.7, செலவு 3.9. தினமும் 1.2 கிராம் துண்டு விழுகிறது.

துண்டு விழுந்தால் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கால்சியம் குறைந்தால் பசுவின் உடல் அப்படித்தான் செய்கிறது. கழுத்தில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி உடனே விழித்து எலும்பைக் கரைக்கச் சொல்லும். மக்னீசியத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு உடலில் கிடையாது. இந்த 500 கிலோ பசுவின் எலும்பில் 170 கிராம் மக்னீசியம் இருக்கிறது, தசை முதலான செல்களுக்குள் 70 கிராம் இருக்கிறது. இரண்டும் அவசரத்துக்கு வெளியே வராது. எலும்பு கரையும்போது கூடவே கொஞ்சம் வரும், அவ்வளவுதான். வயதான பசுவின் எலும்பு கரைவதும் மெதுவாகத்தான். அதனால்தான் கன்றுகளையும் கிடாரிகளையும் விட, நான்கைந்து ஈற்று கண்ட, நன்றாகக் கறக்கும் பசுக்கள் முதலில் விழுகின்றன. செல்களுக்கு வெளியே, உடல் நீர் முழுவதிலும் கலந்து புழங்கும் மக்னீசியம் மொத்தமே 2.5 கிராம். இரத்தத்தில் மட்டும் பார்த்தால் முக்கால் கிராம்கூட இல்லை. இத்தனை பெரிய உடம்பு, மக்னீசியத்தைப் பொறுத்தவரை ஓர் அன்றாடங்காய்ச்சி. இன்றைய வரவில் இன்றைய பொழுது போகிறது. இரண்டு மூன்று நாள் வரவு குறைந்தால் ஆட்டம் கண்டுவிடும்.

இந்த நோயில் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். சிகிச்சை, தடுப்பு, தடுப்பு செய்தும் மாடு சாவது என எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து கிளம்புகின்றன.

புல்லில் இருப்பது ஏன் உடலில் சேர்வதில்லை? மாட்டின் பெருவயிற்றில்தான் மக்னீசியம் உறிஞ்சப்படுகிறது. அதைத் தாண்டிக் குடலுக்குப் போய்விட்டால் வளர்ந்த மாட்டுக்கு அது கிட்டத்தட்டப் போனதுதான். பெருவயிற்றின் சுவரில் மக்னீசியம் நுழைய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சுவரின் இரு பக்கத்துக்கும் இடையே இருக்கும் மின்னழுத்த வேறுபாட்டால் உள்ளே இழுக்கப்படுவது. வயிற்றில் மக்னீசியம் குறைவாக இருக்கும்போதும் இந்த வழி வேலை செய்யும். ஆனால் பொட்டாசியம் மிகுந்த தீனி வந்தால் அந்த மின்னழுத்தம் மாறி, மக்னீசியத்தை இழுக்கும் விசை குறைந்துவிடுகிறது. இன்னொன்று, வயிற்றில் மக்னீசியம் மிக அதிகமாகக் கரைந்திருக்கும்போது அதன் மிகுதியாலேயே உள்ளே கசிவது. இந்த வழியைப் பொட்டாசியம் தடுப்பதில்லை.

வேகமாக வளரும் இளம்புல் மண்ணிலிருந்து பொட்டாசியத்தை வாரி எடுக்கும். உலர்சத்தில் 3 சதவீதத்துக்கு மேல் பொட்டாசியம் இருப்பது சாதாரணம். அதே புல்லில் மக்னீசியம் குறைவு, மாட்டுக்குத் தேவையான சோடியமும் பெரும்பாலும் குறைவு. சோடியம் போதாத மாட்டின் உமிழ்நீரில் அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் சுரப்பதால், பெருவயிற்றில் பொட்டாசியம் இன்னும் ஏறும். யூரியா போட்டுத் தளதளவென்று வளர்த்த புல்லில் புரதம் கூடுதல். அது வயிற்றில் உடைந்து அம்மோனியாவாகப் பெருகுவதும் மக்னீசியம் சேர்வதைக் கெடுக்கிறது. போதாக்குறைக்கு, நார் குறைந்த நீர்த்த புல் வயிற்றில் தங்காமல் சீக்கிரம் கடந்துபோகிறது. மேய்ச்சலைச் செழிப்பாக்க விவசாயி செய்யும் ஒவ்வொரு நல்ல காரியமும் இங்கே மாட்டுக்கு எதிராகத் திரும்பிவிடுகிறது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் பெரும்பாலும் நெதர்லாந்துக்காரர்கள். குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உலர்புல் தின்ற மாடுகளை வசந்தத்தில் பச்சைப் புல்வெளியில் அவிழ்த்துவிட்ட சில நாட்களில் வலிப்பு வந்து விழுவதை அந்த நாட்டு விவசாயிகள் நெடுங்காலமாகப் பார்த்துவந்தார்கள். அந்த மாடுகளின் இரத்தத்தில் மக்னீசியம் மிகத் தாழ்ந்திருப்பதை உட்ரெக்ட் நகரில் ஆராய்ந்த ஸ்யொல்லெமா 1930 வாக்கில் காட்டினார். பிறகு 1957இல் கெம்ப், ஹார்ட் என்ற இருவர், புல்லில் மக்னீசியம் எவ்வளவு என்று மட்டும் பார்த்தால் போதாது, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்த அளவுக்கு எதிராகப் பொட்டாசியம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார்கள். வேதிச் சமான அளவில் அந்த விகிதம் 2.2ஐத் தாண்டினால் ஆபத்து. புல்லில் மக்னீசியம் 0.2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஓரளவு நிம்மதி என்பதும் கெம்ப் சொன்னதுதான். இன்றும் மேய்ச்சல் புல்லைச் சோதிக்கும் கூடங்கள் இந்த இரண்டு எண்களையே அளவுகோலாக வைத்திருக்கின்றன.

நம் ஊரில் கட்டுத்தறியில் நிற்கும் கறவைக்கு வைக்கோலும் தவிடும் கிடைக்கின்றன. தவிட்டில் மக்னீசியம் தாராளம், வைக்கோலோ வயிற்றில் மெதுவாக நகர்வது. குளிருக்குப் பின் திடீரென்று முளைக்கும் இளம்புல்லை மட்டுமே தின்று 20 லிட்டர் கறக்க வேண்டிய நிலை இங்கே அபூர்வம். ஆகவே இதை முக்கியமாக நியூசிலாந்து, அயர்லாந்து, பிரிட்டன், நெதர்லாந்து போன்ற குளிர்ந்த புல்வெளி நாடுகளின் தொல்லையாகவே எழுதுகிறேன். அமெரிக்காவின் தென்சமவெளியில் இளம் கோதுமைப் பயிரில் மேயவிடும் மாடுகளுக்கும் இதே கதைதான்.

நம் பசுவிடம் திரும்புவோம். இரத்தத்தில் லிட்டருக்கு 18 முதல் 24 மில்லிகிராம் மக்னீசியம் இருக்க வேண்டும். அது இறங்கத் தொடங்கியதும் வெளியே எதுவும் தெரியாது. சிறுநீரகம் மட்டும் முதலில் உணர்ந்துகொண்டு, சிறுநீரில் மக்னீசியம் போவதை நிறுத்திவிடுகிறது. இன்னும் இறங்கி 12 மில்லிகிராமுக்குக் கீழே போகும்போது, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்திருக்கும் நீரிலும் மக்னீசியம் குறைகிறது. நரம்புகளை அளவுக்கு மீறித் தூண்டப்படாமல் அடக்கிவைப்பது மக்னீசியத்தின் வேலை. அது குறைந்தால் சிறு சத்தத்துக்கும் தொடுகைக்கும் நரம்பு முழு வேகத்தில் எழும்பும்.

முதல் மாற்றத்தைக் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் கறப்பவர்தான். சாதுவான மாடு கறவைக் கூடத்துக்குள் வரத் தயங்கும். மடியைத் தொட்டால் துள்ளும், உதைக்கும். பால் கொஞ்சம் குறைந்திருக்கும். மந்தையை விட்டு ஒதுங்கித் தலையைத் தூக்கி எதையோ முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்கும். காதுகள் துடிக்கும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். முகம், தோள், விலாப்பக்கம் ஆகிய இடங்களில் தோலுக்கடியில் தசை நெளிவதை உற்றுப் பார்த்தால் காணலாம். அநேகமாக யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. 300 மாடுகள் வரிசையில் நிற்கும்போது ஒன்றின் காது துடிப்பதை எவர் கவனிப்பார்?

அடுத்த கட்டம் தள்ளாட்டம். கால்களை மடக்காமல், விறைத்த கால்களில் நடக்கும். பின்பகுதி ஒருபக்கம் சாயும், சமாளித்து நிமிரும், மறுபடி சாயும். குடித்தவன் நடையைப்போல் தளர்ந்த தள்ளாட்டம் இல்லை இது. உடலெங்கும் இறுகிப்போன தள்ளாட்டம். அந்த நேரத்தில் நாய் குரைத்தாலோ, ஆள் விரட்டினாலோ, மாடு கண்மண் தெரியாமல் ஓடி விழும். விழுந்ததும் வலிப்பு. தலை பின்னால் வளையும், நான்கு கால்களும் நீச்சலடிப்பதுபோல் உதறும், தாடை நறநறவென்று அரைத்து வாயில் நுரை தள்ளும், கண்மணிகள் இங்குமங்கும் ஆடும். இதயம் அடிப்பது சற்றுத் தள்ளி நிற்பவருக்கே கேட்கும். தசைகள் ஓயாமல் உதறுவதால் உடல் சூடு 40 பாகைக்கு மேல் ஏறும். கொஞ்ச நேரம் அடங்கிக் கிடக்கும், பிறகு ஒரு சத்தம், ஒரு தொடுகை, மறுபடியும் வலிப்பு. அரைமணி, ஒருமணி நேரத்தில் சாவு வந்துவிடலாம். முதல் அறிகுறி தெரிந்த சில மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுவதால், பலருக்கு மாட்டின் பிணம்தான் முதல் அறிகுறி. அப்போதும் ஒரு தடயம் இருக்கும். பிணத்தைச் சுற்றிலும் குளம்புகள் வாரியெறிந்த மண், அரைவட்டமாகப் பிய்ந்துபோன புல். இடி விழுந்து செத்த மாட்டைச் சுற்றி அப்படி இருக்காது.

கன்று ஈன்ற பசு விழுந்தால் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது பால் காய்ச்சல். அது கால்சியக் குறைவு. அந்த மாடு தளர்ந்து, சோர்ந்து, காது சில்லிட்டு, கழுத்தை விலாப்பக்கம் மடித்துப் படுத்திருக்கும். டெட்டனி மாடு விறைத்து, மிரண்டு, சூடாக இருக்கும். பால் காய்ச்சல் பெரும்பாலும் ஈன்ற ஒன்றிரண்டு நாளில் வருவது, டெட்டனி ஈன்று சில வாரம் கழித்தும் வரும். ஆனால் இரண்டையும் முழுக்கப் பிரித்துவிட முடியாது. மக்னீசியம் குறைந்தால் கால்சியத்தை எலும்பிலிருந்து வரவழைக்கும் அந்தச் சுரப்பியின் கட்டளையும் சரியாக எடுபடாது. டெட்டனியில் விழும் பெரும்பாலான மாடுகளுக்குக் கால்சியமும் குறைந்துதான் இருக்கும். மிரட்சி, நுரை, பாய்ச்சல் என்று பார்த்தால் வெறிநோய் என்றும் சந்தேகம் வரலாம். வெறிநோய் உள்ள நாடுகளில் அந்தச் சந்தேகத்தை மருத்துவர் தீர்க்கும்வரை வாய்க்குள் கையை விடக் கூடாது.

இரத்தத்தைச் சோதிப்பதிலும் ஒரு சூது உண்டு. வலிப்பில் தசைகள் சிதைந்து, அவற்றுக்குள் இருந்த மக்னீசியம் இரத்தத்தில் கலந்துவிடும். விழுந்த மாட்டின் இரத்தம் சரியாக இருப்பதுபோல் காட்டும், நோய் வேறென்று நம்மை ஏமாற்றும். அதனால் அனுபவமுள்ள மருத்துவர்கள் விழுந்த மாட்டை விட, அதனோடு மேய்ந்துகொண்டிருக்கும், பார்க்க நன்றாக இருக்கும் பத்து மாடுகளின் இரத்தத்தை எடுப்பார்கள். சிறுநீரைச் சோதித்தாலும் தெரியும். சிறுநீரில் மக்னீசியமே இல்லையென்றால் அந்த மந்தைக்கு வரவு போதவில்லை என்று பொருள். செத்த மாட்டில் கண்விழிக்குள் இருக்கும் நீரை எடுத்துச் சோதிப்பார்கள். வெயில் கடுமையாக இல்லையென்றால் இரண்டு நாள் வரைக்கும் அதில் உள்ள அளவை நம்பலாம்.

விழுந்த மாட்டைக் காப்பாற்ற முடியுமா? நேரத்தோடு மருத்துவர் வந்தால் முடியும். அதுவரை யாரும் சத்தம் போடாமல், தூக்கி நிறுத்தப் பார்க்காமல் இருப்பதே பெரிய உதவி. மருத்துவர் முதலில் வலிப்பை அடக்க மயக்க ஊசி போடுவார். பிறகு கால்சியக் கரைசலோடு சிறிதளவு மக்னீசியம் சேர்த்து இரத்தக்குழாயில் மிக மெதுவாக ஏற்றுவார். பெரிய அளவு மக்னீசியம் தோலுக்கடியில் போகும். 25 சதவீத மக்னீசியம் சல்பேட் கரைசல் 400 மில்லிலிட்டர், இரண்டு மூன்று இடங்களில் பிரித்துப் போடுவது பிரிட்டனில் வழக்கம். அதையே அவசரப்பட்டு நேராக இரத்தக்குழாயில் ஏற்றினால் மூச்சோ இதயமோ நின்றுவிடும். நோயில் சாக இருந்த மாடு மருந்தில் செத்துப்போகும். தோலுக்கடியில் போட்டது கால்மணி, அரைமணி நேரத்தில் இரத்தத்துக்கு வந்துவிடும். மூளையைச் சூழ்ந்த நீருக்குப் போய்ச் சேர இன்னும் நேரம் ஆகும். இரத்தம் சரியாகியும் மாடு எழவில்லையே என்று பதறி மேலும் மேலும் ஊசி போடக் கூடாது.

ஊசி போட்டு மாடு எழுந்து நடந்த பிறகுதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த 400 மில்லிலிட்டரில் இருந்த மக்னீசியம் ஏறத்தாழ 10 கிராம். இரண்டரை கிராம் மட்டுமே புழங்கக்கூடிய உடம்பில் 10 கிராம் கொட்டினால், மிஞ்சியதைச் சிறுநீரகம் ஒரே நாளில் வெளியே தள்ளிவிடும். சேமித்துவைக்க இடம் இல்லை. மாட்டை அதே புல்வெளிக்குத் திருப்பி அனுப்பினால் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மறுபடி விழும். எழுந்த மாட்டை அந்த மேய்ச்சலிலிருந்து விலக்கி உலர்புல் கொடுத்து, மக்னீசியம் ஆக்சைடைத் தினமும் வாய்வழியாகக் கொடுத்தால்தான் சிகிச்சை முடிந்ததாக அர்த்தம். ஒன்று விழுந்தால் மந்தையில் மற்றவையும் விளிம்பில் நிற்கின்றன என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தடுப்புக்கும் அதே தூள்தான். மக்னசைட் என்ற வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டு அரைத்தால் மக்னீசியம் ஆக்சைடு கிடைக்கும். சேலத்தில் வெட்டியெடுக்கும் அதே கல். ஆனால் உருக்காலைச் சூளைச் செங்கலுக்காகக் கடும் வெப்பத்தில் சுட்ட தூள் மாட்டுக்கு உதவாது, வயிற்றில் கரையாமல் அப்படியே வெளியே வந்துவிடும். தீனிக்கு என்று இலேசாகச் சுட்டு நன்றாக அரைத்ததுதான் வேண்டும். விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்கிய தூள் எந்தச் சூட்டில் வெந்தது என்று பார்க்காமல் கொடுத்துவிட்டு, மக்னீசியம் கொடுத்தும் மாடு செத்தது என்று புலம்புவதில் பயனில்லை.

எவ்வளவு கொடுப்பது? நம் பசுவுக்குத் தினமும் 1.2 கிராம் துண்டு விழுந்தது. நல்ல தூளில் பாதிக்குச் சற்று மேல் மக்னீசியம். 60 கிராம் தூள் கொடுத்தால் 33 கிராம் மக்னீசியம், அதில் பத்தில் ஒன்று சேர்ந்தாலும் 3.3 கிராம். துண்டு அடைபட்டு மிச்சமும் இருக்கும். வயிற்றில் மக்னீசியம் பெருகும்போது, பொட்டாசியம் தடுக்க முடியாத அந்த இரண்டாவது வழியும் திறந்துகொள்கிறது. புல்லில் பொட்டாசியத்தைக் குறைக்க முடியாத நாட்களிலும் மக்னீசியத்தைக் கூட்டிக் கொடுப்பது பலிப்பது இதனால்தான். அதற்காக அள்ளிக் கொட்டவும் கூடாது, கழிச்சல் வரும்.

கணக்கு சுலபம். ஒவ்வொரு மாட்டின் வயிற்றுக்குள்ளும் ஒவ்வொரு நாளும் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் வம்பு இருக்கிறது. தூளை மாடு தானாகத் தின்னாது, சுவை பிடிக்காது. கறவை நேரத்தில் அடர்தீவனம் வைக்கும் பண்ணையில் அதில் கலந்துவிடலாம். எல்லாவற்றிலும் நம்பகமான வழி அதுவே. புல் மட்டுமே கொடுக்கும் நியூசிலாந்துப் பண்ணைகளில், மாடு அன்றைக்கு மேயப்போகும் துண்டு நிலத்தில் தூளைப் புல்மேல் தூவிவிடுகிறார்கள். காற்றிலும் மண்ணிலும் போவது போக மாட்டுக்குச் சேரவேண்டும் என்பதால் தலைக்கு 100 கிராம் வரை ஆகிவிடும். பனி ஈரம் இருக்கும் காலையில் தூவினால் இலையில் ஒட்டும். ஆனால் ஒரு மழை போதும், அன்றைய மக்னீசியம் முழுக்க மண்ணுக்குப் போய்விட. சிக்கல் என்னவென்றால், டெட்டனி அதிகம் வருவதும் அந்த மழையும் குளிர்காற்றும் அடிக்கும் நாட்களில்தான். குளிரில் மாடு மேயாமல் ஒண்டி நிற்கும், வரவு குறையும். அதோடு குளிரும் மிரட்சியும் உடல் கொழுப்பைக் கரைக்கச் செய்யும்போது, இரத்தத்தில் மிச்சமிருக்கும் மக்னீசியமும் செல்களுக்குள் இறங்கிவிடும். மாட்டை லாரியில் ஏற்றி இறக்குவதும் பட்டினி போடுவதும் இதே விளைவைத் தரும்.

தண்ணீர்த் தொட்டியில் கலக்கலாமே என்றால், ஆக்சைடு தண்ணீரில் கரையாது. கரையும் மக்னீசியம் குளோரைடையோ சல்பேட்டையோதான் கலக்க வேண்டும். இரண்டும் கசக்கும். சிறிய அளவில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டினால் மாடு பழகிக்கொள்ளும். ஆனாலும் 100 கிலோ பச்சைப்புல் தின்ற மாட்டுக்குள் புல் வழியாகவே 85 லிட்டர் தண்ணீர் போய்விடுகிறது. மழை நாளில் பக்கத்தில் தேங்கிய நீரும் இருக்கிறது. அன்றைக்கு அது தொட்டிப் பக்கமே வராது. ஆகவே கவனமான பண்ணையாளர்கள் ஒரே வழியை நம்புவதில்லை. தொட்டியில் பாதி, தூவலில் பாதி என்று வைத்துக்கொண்டு, மழை அறிவிப்பு இருந்தால் குழாய் வழியாக வாயில் ஊற்றிவிடுகிறார்கள். ஈனுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்பே தொடங்கிவிடுவதும் வழக்கம்.

கறக்காமல் கன்றை ஊட்டவிட்டு வளர்க்கும் இறைச்சி மாடுகளுக்கு இதெல்லாம் நடக்காது. மலைச்சரிவில் மேயும் மாட்டை நாளுக்கு இருமுறை பார்க்க ஆள் இல்லை. அங்கே மொலாசஸில் மக்னீசியம் கலந்த நக்குகட்டிகளை வைக்கிறார்கள். முரட்டு மாடு நக்கிக்கொண்டே இருக்கும், ஒதுங்கும் மாடு கிட்டவே வராது. விழுவது இரண்டாவது மாடுதான். மக்னீசியக் கலப்பு உலோகக் குண்டுகளைப் பெருவயிற்றுக்குள் தள்ளிவிடும் முறை பிரிட்டனில் உண்டு. அவை கனமாக அடியில் தங்கி, ஏறத்தாழ நான்கு வாரம் மெதுவாகக் கரையும். நாளுக்கு ஒரு கிராமை ஒட்டிய அளவே கிடைப்பதால், ஆபத்து கடுமையாக இருக்கும் மேய்ச்சலுக்கு அது மட்டும் போதாது.

புல்லையே திருத்த முடியாதா என்றால், ஓரளவு முடியும். இளவேனிலில் பொட்டாஷ் உரம் போடாமல் ஆபத்துக் காலம் கழிந்த பிறகு போடுவது மிகச் சுலபமான, செலவில்லாத தடுப்பு. கொட்டகைக் கழிவுநீர் பாய்ச்சிய நிலத்தில் பொட்டாசியம் ஏறிக் கிடக்கும். ஈனப்போகும், புதிதாக ஈன்ற மாடுகளை அங்கே மேயவிடக் கூடாது. குளோவர் கலந்த மேய்ச்சலில் மக்னீசியம் கூடுதல். ஆனால் குளோவர் குளிரில் சோம்பேறி, நமக்குத் தேவைப்படும் நேரத்தில் அது இன்னும் எழுந்திருக்காது. புளித்த மணற்பாங்கான நிலமானால் மக்னீசியம் உள்ள சுண்ணாம்புக்கல் தூளைப் போடலாம், பலன் தெரிய நாளாகும். மேய்ச்சலுக்கு முன் இரண்டு மூன்று கிலோ உலர்புல் கொடுத்தால் வயிற்றில் ஓட்டம் நிதானப்படும், சோடியம் குறைந்த மண்ணானால் உப்பும் உதவும். இவையெல்லாம் துணைதான். தினமும் மக்னீசியம் கொடுப்பதற்கு இவற்றில் எதுவும் ஈடாகாது.

வைகாட்டோவில் அக்டோபர் வாக்கில் மண் சூடேறி, குளோவர் தலைகாட்டி, புல் முற்றி நார் பிடிக்கத் தொடங்கும். அப்போதும் ஒரே நாளில் நிறுத்திவிடாமல், அளவை வாரம் வாரமாகக் குறைத்து, சில பசுக்களின் இரத்தத்தையோ சிறுநீரையோ சோதித்துப் பார்த்துவிட்டே நிறுத்துகிறார்கள். வடக்கு நாடுகளில் கோடை கழிந்து இலையுதிர்கால மழையில் புல் இரண்டாம் முறை துளிர்க்கும்போது, கன்றோடு மேயும் மாடுகளுக்காகத் தூள் மூட்டையை மறுபடியும் அவிழ்க்க வேண்டியிருக்கும்.